கிரவுட்ஃபண்டிங் வீடியோ: 90 வினாடி ஸ்கிரிப்டை நடுவிலிருந்து எழுதுங்கள்

நாங்கள் செய்த ஒரு பொருளுக்கு இணையத்தில் பலரிடம் பணம் திரட்ட ஒரு வீடியோ தேவைப்பட்டது. அதற்கு எழுதிய முதல் ஸ்கிரிப்ட் நான்கு பக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட் ஹாலில் நின்று சத்தமாகப் படித்துப் பார்த்தோம். மூன்று நிமிடம் நாற்பது வினாடி ஓடியது. அதில் ‘மாவு’ என்ற சொல் முதன்முதலில் வந்ததே ஒரு நிமிடம் கழித்துத்தான். அதுவரை நாங்கள் யார், எங்கே படித்தோம், எந்தப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினோம் என்று பேசிக்கொண்டே இருந்தோம். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, “என்னப்பா விக்கப் போறீங்க? அதச் சொல்லவே இல்லையே” என்றார்.

நாங்கள் செய்திருந்தது தோசை மாவுப் பாத்திரத்துக்கு ஒரு மூடி. மூடியின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு லேசர் தூர உணரி இருக்கும். மாவு பொங்கி எழ எழ, மூடிக்கும் மாவுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். மாவு இரண்டு மடங்கு ஆனதும் மூடி கூவும், கைப்பேசிக்கும் ஒரு செய்தி வரும். அவ்வளவுதான் பொருள். இதை 90 வினாடியில் சொல்ல எங்களுக்கு ஐந்து ஸ்கிரிப்டும் ஏறக்குறைய ஒரு மாதமும் பிடித்தது. நீங்கள் இரண்டு வாரத்தில் முடிக்கலாம். கீழே உள்ள வரிசையில் போங்கள். வீடியோவில் பிரச்சினை, டெமோ, வேண்டுகோள் என்ற வரிசையில் வரும். எழுதும்போது டெமோ, வேண்டுகோள், பிரச்சினை என்று எழுத வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

## 1. எந்த வகைத் திரட்டல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதை முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். ஸ்கிரிப்டில் எந்தச் சொல் வரலாம், எது வரக் கூடாது என்பது இதில்தான் இருக்கிறது.

பணம் கொடுப்பவருக்குப் பொருளைக் கொடுத்தால் அது ஒரு வகை. கம்பெனியின் பங்கைக் கொடுத்தால் அது வேறு வகை. மலேசியாவில் பங்கு கொடுத்துத் திரட்டுவதற்கு 2015-லிருந்து செக்யூரிட்டீஸ் கமிஷனின் விதிமுறை இருக்கிறது. கமிஷனிடம் பதிவு பெற்ற தளத்தின் வழியாகத்தான் செய்ய முடியும். சாதாரண முதலீட்டாளர் ஒரு கம்பெனியில் 5,000 வெள்ளி வரைதான் போடலாம் என்பது போன்ற வரம்புகளும் உண்டு. கம்பெனியாகப் பதிவு செய்யாத இரண்டு பேர் ஒரு மூடியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியாது. நாங்கள் பொருள் கொடுக்கும் வகையைத்தான் எடுத்தோம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நம் பேச்சில் “எங்க மேல முதலீடு பண்ணுங்க” என்பது சும்மா ஒரு மரியாதைக்கு வந்துவிடும். பொருள் கொடுக்கும் வீடியோவில் முதலீடு, பங்கு, லாபம் ஆகிய மூன்று சொல்லும் வரவே கூடாது. எங்கள் இரண்டாம் ஸ்கிரிப்டில் முதலீடு என்பது நான்கு இடத்தில் இருந்தது. தேடித் தேடி எடுத்தோம்.

தளம் வெளிநாட்டுத் தளமாக இருந்தால், திட்டம் தொடங்குபவர் எந்த நாட்டவராக இருக்க வேண்டும் என்ற பட்டியலைப் பாருங்கள். நாங்கள் பார்த்தபோது கிக்ஸ்டார்ட்டரின் பட்டியலில் சிங்கப்பூர் இருந்தது, மலேசியா இல்லை. அங்கே உள்ள ஒருவர் பேரில் போடலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சட்டப்படி பொறுப்பும் வரியும் அவர் தலையில்தான் விழும். அதை அவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

உள்ளூர்த் தளத்தில் எங்களிடம் கேட்டது: அடையாள அட்டை, வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் மாதிரியின் படங்கள். நான்கையும் ஒரே கோப்புறையில் முதல் நாளே போட்டு வைத்துவிடுங்கள். வியாபாரப் பதிவில் உள்ள பேரும் வங்கிக் கணக்கின் பேரும் ஒன்றாக இல்லாததால் எங்களுக்கு ஒரு வாரம் வீணானது.

காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. வீடியோவை வெளியிடுவது, கண்டுபிடிப்பைப் பொதுவில் சொன்னதாகவே கணக்காகும். மலேசியச் சட்டத்தில் நீங்களே வெளியிட்டதற்கு ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அப்படி இல்லை. வெளிநாட்டிலும் காப்புரிமை வேண்டும் என்றால், விண்ணப்பம் போட்ட பிறகே மூடியின் உள்பக்கத்தைக் காட்டும் காட்சியை ஸ்கிரிப்டில் எழுதுங்கள்.

## 2. வினாடியைச் சொல்லாக மாற்றுங்கள்

ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 140, 150 சொல் என்று கணக்குச் சொல்வார்கள். அதைத் தமிழுக்கு அப்படியே எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். நம் சொற்கள் நீளம். ‘வைக்கவேண்டியிருக்கிறது’ என்பதும் ஒரு சொல்தான். நான் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல்தான் வருகிறது. உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஏதாவது ஒரு பத்தியைக் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து, எண்ணிப் பாருங்கள்.

90 வினாடியில் 20 வினாடியாவது யாரும் பேசாமல் இருக்க வேண்டும். டெமோ நடக்கும்போது பேசினால் பார்ப்பவர் பேச்சைக் கேட்பார், பொருளைப் பார்க்க மாட்டார். ஆகவே பேச்சுக்கு மிஞ்சுவது 70 வினாடி, என் கணக்கில் நூறு சொல் சொச்சம். ஒரு வாட்ஸ்அப் செய்தி அளவு.

எண்களை ஸ்கிரிப்டில் எழுத்தால் எழுதுங்கள். ‘45,000’ என்று எழுதினால் ஒரு சொல் என்று எண்ணிவிடுவோம். ‘நாற்பத்தைந்தாயிரம்’ என்று வாய் திறந்து சொன்னால் ஏறக்குறைய இரண்டு வினாடி போய்விடும். எங்கள் மூன்றாம் ஸ்கிரிப்டில் ஒன்பது எண்கள் இருந்தன. காகிதத்தில் 90 வினாடிக்குள் இருந்தது, வாயில் 105 ஆனது.

## 3. டெமோவை முதலில் எழுதுங்கள்

இதைத்தான் நாங்கள் கடைசியில் செய்தோம், அதனால்தான் ஐந்து ஸ்கிரிப்ட் ஆனது. பொருள் கேமரா முன்னால் உண்மையில் என்ன செய்து காட்டுமோ, அதைவிட ஒரு பிடி அதிகமாக மற்ற இரண்டு பகுதியிலும் பேச முடியாது. மூடி மாவின் உயரத்தை அளக்கிறது, அவ்வளவே. புளிப்பை அளப்பதில்லை. ஆனால் முதல் ஸ்கிரிப்டில் “இனி மாவு புளிக்கவே புளிக்காது” என்று பிரச்சினைப் பகுதியில் அடித்து விட்டிருந்தோம். டெமோவை எழுத உட்கார்ந்தபோதுதான் அதைக் காட்ட வழியே இல்லை என்று புரிந்தது.

டெமோவை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘இதை வைத்தேன், இது நடந்தது’ என்ற அமைப்பில் வர வேண்டும். எங்களுடையது: பத்து மணிக்கு மாவின் மேல் மூடியை வைத்தேன், மாவு இரண்டு மடங்கு ஆனதும் மூடி கூவியது. இந்த வாக்கியம் வராவிட்டால் உங்கள் மாதிரி இன்னும் வீடியோவுக்குத் தயாராகவில்லை.

கணினியில் வரைந்த பளபளப்பான படத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கிக்ஸ்டார்ட்டரில் நிஜம் போலத் தோன்றும் வரைபடங்களுக்குத் தடை இருக்கிறது. மாதிரி இன்றைக்கு எதைச் செய்கிறதோ அதைத்தான் காட்டலாம். நாங்கள் போன தளத்திலும் இதே விதி. நாங்கள் நான்கு நாள் உட்கார்ந்து செய்த அனிமேஷனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விதி அவர்களுடைய பக்கத்திலேயே இருந்தது, படிக்காதது எங்கள் தப்பு.

அடுத்த சிக்கல் நேரம். மாவு பொங்க ஆறு மணி நேரம் ஆகும், டெமோவுக்கு இருப்பதோ ஏழு வினாடி. இதற்கு டைம்லாப்ஸ்தான் வழி. ஆனால் கணக்குப் போட்டுவிட்டு எடுங்கள். வீடியோவில் வினாடிக்கு 25 படம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் ஆறு மணி நேரத்தில் 180 படம். 180-ஐ 25-ஆல் வகுத்தால் ஏழு வினாடி சொச்சம். இந்த ஏழு வினாடியை ஸ்கிரிப்டில் குரல் இல்லாமல் விட்டுவிடுங்கள்.

டைம்லாப்ஸைப் பார்க்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும்: நடுவில் மாவை அள்ளிப் போட்டிருப்பார்களோ? அதற்கு ஸ்கிரிப்டிலேயே பதில் வையுங்கள். கண்ணாடிப் பாத்திரம், அதன் பக்கத்தில் ஒட்டிய அளவுகோல், பின்னால் சுவர்க்கடிகாரம், முன்னால் மூடியின் எண்ணைக் காட்டும் கைப்பேசி. நான்கும் ஒரே ஃபிரேமுக்குள், வெட்டே இல்லாமல். கீழே ஒரு வரி: ‘எட்டு மணி நேரம், பத்து வினாடியில்’.

ஆறு மணி நேரம் எப்படி எட்டு ஆனது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதல் ராத்திரி எடுத்தபோது இரண்டு மணிக்குக் கைப்பேசி தானாகப் பூட்டிக்கொண்டது. சார்ஜர் செருகியிருந்தோம், திரை அணையும் நேரத்தை மாற்ற மறந்துவிட்டோம். இரண்டாம் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கே மூடி கூவியது. ஓடிப் போய்ப் பார்த்தால் மாவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாவிலிருந்து கிளம்பிய ஆவி மூடியின் அடியில் முத்து முத்தாக நீராய்க் கோத்து, ஒரு துளி சரியாக உணரியின் கண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. துளியை மாவு என்று நினைத்துவிட்டது மூடி.

இப்படி ஒன்று உங்களுக்கும் வரும், வேறு உருவத்தில். கண்டுபிடிக்கும் வழி, பதிவான எண்களைப் பார்ப்பது. மாவு எழுந்தால் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்: 90 மில்லிமீட்டர், 88, 85. துளி விழுந்தால் 90-லிருந்து ஒரே தாவலில் பத்துக்கு வந்துவிடும். அந்தத் தாவலை நம்பாதே என்று நிரலில் ஒரு வரி சேர்த்தோம், உணரியைச் சின்னக் குழிக்குள் தள்ளி வைத்தோம். சில நாள் மேலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மூன்றாம் ராத்திரி. அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. ஊர் குளிர்ந்துவிட்டது. மாவு எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. 240 படம், ஒன்பதரை வினாடி. ஏழு வினாடி இடத்துக்குள் அது நுழையவில்லை, அதனால் பேச்சில் ஒரு வாக்கியத்தை வெட்டினோம்.

ஆனால் அந்த மழை ராத்திரிதான் எங்களுக்குப் பிரச்சினைப் பகுதியையே கொடுத்தது. அதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

டைம்லாப்ஸில் சத்தம் பதிவாகாது. மூடி கூவும் அந்த நொடிக்கு இரண்டாவது கைப்பேசியில் வீடியோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மாவு எழ வேண்டியதில் எண்பது சதவிகிதம் எழுந்துவிட்டது என்று எண்கள் காட்டியதும் அதைப் போட்டுவிடுங்கள். குழல்விளக்கின் கீழ் எடுத்தால் பட்டை பட்டையாக ஆடும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 30-க்குப் பதில் 25 படம் என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டெமோ முடிந்த கையோடு, மாதிரியால் இன்னும் முடியாத ஒன்றை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். என் நண்பன் இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, “நாமே நம்ம வாயால சொல்லணுமா?” என்றான். இன்னும் தண்ணீரில் முக்கிக் கழுவ முடியாது என்று சொன்னோம். பின்னால் பணம் போட்டவர்களில் பலர் கழுவுவது பற்றித்தான் எழுதிக் கேட்டார்கள். யாரும் ஏமாற்றிவிட்டாய் என்று கேட்கவில்லை.

## 4. எவ்வளவு, எதற்கு, பதிலுக்கு என்ன

வேண்டுகோள் பகுதியை எழுதுமுன் கணக்கை முடியுங்கள். எங்களுக்குக் கிடைத்த விலைகள் இவை. பிளாஸ்டிக் அச்சு 14,000 வெள்ளி. சோதனைக்கும் சான்றிதழுக்கும் ஒதுக்கியது 5,000. ஒரு மூடிக்குப் பாகம், ஒட்டும் கூலி, பெட்டி, தபால் எல்லாம் சேர்த்து 70 வெள்ளி. 300 மூடிக்கு 21,000. மொத்தம் 40,000.

இனி கட்டணம். தளத்தின் கட்டணமும் பணம் வாங்கித் தரும் கட்டணமும் சேர்த்து நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கிக்ஸ்டார்ட்டரில் தளத்துக்கு 5 சதவிகிதம், அதற்கு மேல் பணம் செலுத்தும் கட்டணம் தனி. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். 40,000-க்குப் பத்து சதவிகிதம் கூட்டி 44,000 என்று கேட்பார்கள். ஆனால் அவர்கள் பிடிப்பது 44,000-இல் பத்து சதவிகிதம். கைக்கு வருவது 39,600. கூட்டக் கூடாது, 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 44,444. நாங்கள் 45,000 என்று வைத்தோம். 300 பேர், ஆளுக்கு 150 வெள்ளி.

வீடியோவில் இதில் மூன்றே எண்தான் வர வேண்டும்: எத்தனை மூடி, மொத்தம் எவ்வளவு, ஒருவர் எவ்வளவு கொடுத்தால் என்ன கிடைக்கும். இரண்டு மூடிக்குத் தள்ளுபடி, மூன்றுக்கு இலவசத் துணிப்பை எல்லாம் பக்கத்தில் எழுதுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஜாக்கிரதை. மூடியில் வைஃபை இருப்பதால் இங்கே விற்பதற்கு, சோதித்துச் சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் வழியாகத் தொலைத்தொடர்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்கும் முன்பே ‘சிரிம் அங்கீகாரம்’ என்று சொல்லிவிடக் கூடாது, முத்திரைப் படத்தையும் காட்டக் கூடாது. ‘சோதனை’ என்ற ஒரு சொல் போதும்.

கொண்டுபோய்ச் சேர்க்கும் மாதத்தைக் குரலில் சொல்லாதீர்கள், திரையில் எழுத்தாகப் போடுங்கள். மாறினால் எழுத்தை மாற்றலாம், குரலை மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை. சீனப் புத்தாண்டு நடுவில் வருகிறதா என்று நாள்காட்டியைப் பாருங்கள். அச்சு செய்யும் இடமும் பாகம் அனுப்பும் இடமும் அந்த நாட்களில் வாரக்கணக்கில் மூடிவிடும். நாங்கள் முதலில் மார்ச் என்று எழுதி, ஜூன் என்று மாற்றினோம்.

## 5. பிரச்சினையைக் கடைசியில் எழுதி, முதலில் வையுங்கள்

இப்போது உங்களுக்கு டெமோ தெரியும், கேட்கும் தொகை தெரியும். பிரச்சினை, டெமோ தீர்த்துவைக்கும் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், பெரிதாகவும் கூடாது.

பட்டர்வொர்த்தில் காலையில் தோசைக் கடை போடும் என் அத்தையிடம் போய், மாவு பற்றிக் கேட்டோம். “மழ பேஞ்சா லேட்டாகும், வெயில் அடிச்சா பொங்கிடும். மணியப் பாத்து மாவ எடுக்க முடியுமா தம்பி?” என்றார் என் நண்பனைப் பார்த்து. எங்கள் எட்டு மணி நேர ராத்திரி அப்போதுதான் அர்த்தமானது. பிரச்சினை மாவு வழிவது மட்டும் இல்லை. எப்போது தயாராகும் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை. அது வந்த பிறகு ஸ்கிரிப்ட் தானாக நேரானது.

அனுபவப்பட்டவரே பேசட்டும். நடிகர் வேண்டாம், எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவும் வேண்டாம். கேள்வி கேளுங்கள், அவர் சொல்வதிலிருந்து பன்னிரண்டு வினாடியை எடுங்கள். அத்தை எழுதிக் கொடுத்ததைப் படித்தபோது வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. சும்மா பேசவிட்டதும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

அவரிடம் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுங்கள், சொந்த அத்தையாக இருந்தாலும். பேர், அடையாள அட்டை எண், எந்த வீடியோவுக்கு, எங்கே வெளியாகும், தேதி, கையெழுத்து. கடை இருக்கும் இடம் வேறொருவருடையது என்றால் அவரிடமும் ஒன்று.

## 6. இரண்டு பத்தியாக எழுதுங்கள்

காகிதத்தை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதில் விழுவது. எங்கள் ஐந்தாம் ஸ்கிரிப்ட் முழுவதும் இதோ, வினாடிக் கணக்கோடு.

0–5. படம்: விடிகாலை, சமையல் மேடையில் வழிந்து கிடக்கும் மாவு, துடைக்கும் கை. குரல் இல்லை.

5–18. படம்: அத்தை, கடையில். குரல்: “ராத்திரி பத்து மணிக்கு அரைச்சு வெச்சேன். காலையில பார்த்தா பாதி மேடையில கெடக்கு. மிச்சம் புளிச்சுப் போச்சு. அன்னிக்குக் கடைக்கு மாவு பத்தல.”

18–30. படம்: நான், எங்கள் வீட்டுச் சமையலறையில். குரல்: “மாவு எப்போது தயாராகும் என்று கடிகாரத்துக்குத் தெரியாது. வெயில் நாளில் ஐந்து மணி நேரம், மழை நாளில் எட்டு. மாவைத்தான் கேட்க வேண்டும்.”

30–37. படம்: மூடியைத் திருப்பிக் காட்டி, பாத்திரத்தில் வைக்கும் கை. குரல்: “இது மாவு மூடி. உள்ளே உள்ள உணரி மாவின் உயரத்தை அளக்கிறது.”

37–47. படம்: டைம்லாப்ஸ். குரல் இல்லை, இசையும் இல்லை, கடிகாரத்தின் டிக் டிக் மட்டும்.

47–55. படம்: இருட்டில் மூடியின் விளக்கு எரிகிறது. முதலில் இரண்டு வினாடி கூவல். பிறகு குரல்: “இரண்டு மடங்கு ஆனதும் கூவுகிறது. எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தால் போதும்.”

55–64. படம்: ஒட்டிய தடம் தெரியும்படி மூடி, கிட்டத்தில். குரல்: “இது நான்காவது மாதிரி. த்ரீடி பிரிண்டரில் செய்து கையால் ஒட்டியது. இன்னும் தண்ணீரில் முக்கிக் கழுவ முடியாது.”

64–83. படம்: மேசையில் பாகங்கள், எண்கள் திரையில். குரல்: “முந்நூறு மூடி செய்ய நாற்பத்தைந்தாயிரம் வெள்ளி வேண்டும். அச்சு, சோதனை, பாகங்கள், தபால் எல்லாம் இதில் அடக்கம். நூற்றைம்பது வெள்ளிக்கு ஒரு மூடி உங்கள் வீடு தேடி வரும். தொகை முழுதாகச் சேராவிட்டால் யாரிடமும் பணம் எடுக்க மாட்டார்கள்.”

83–90. படம்: அத்தை கல்லில் தோசை ஊற்றுகிறார். ‘சொய்’ என்ற சத்தம். குரல்: “ஒரு மூடியை இன்றைக்கே உங்கள் பேருக்கு எழுதி வையுங்கள்.”

‘யாரிடமும் பணம் எடுக்க மாட்டார்கள்’ என்ற வாக்கியம், இலக்கு எட்டினால்தான் பணம் என்ற முறை உள்ள தளத்துக்கு மட்டும். சேர்ந்த அளவுக்குப் பணம் கொடுக்கும் தளமாக இருந்தால் அதை எடுத்துவிட்டு, குறைவாகச் சேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். நம் பேர் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள், திரையின் கீழே எழுத்தாக வந்தால் போதும்.

## 7. படித்துப் பாருங்கள், செலவைக் கட்டுப்படுத்துங்கள்

ஸ்கிரிப்டைப் படம் எடுக்குமுன் மூன்று பேரிடம் படித்துக் காட்டுங்கள். மாவே அரைக்காத ஒருவர் அதில் இருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் என்ன விற்கிறேன், எவ்வளவு?” இரண்டுக்கும் பதில் வராவிட்டால் திருத்துங்கள். “நல்லா இருக்கு” என்று சொல்பவரின் பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஒரு தயாரிப்பு நிறுவனம் இந்த வீடியோவுக்கு எங்களிடம் 4,500 வெள்ளி கேட்டது. அதாவது முப்பது மூடியின் விலை. நாங்களே எடுத்தோம்: சட்டையில் குத்தும் மைக் 90 வெள்ளி, கண்ணாடிப் பாத்திரம் 35, அரிசி உளுந்து மூன்று ராத்திரிக்கு 40. கைப்பேசி எங்களுடையது. காசு மிச்சம் பிடிப்பதாக இருந்தால் கேமராவில் பிடியுங்கள், மைக்கில் பிடிக்காதீர்கள். கடையில் மின்விசிறிச் சத்தத்தில் பதிவான அத்தையின் முதல் பேச்சை ஒன்றும் செய்ய முடியவில்லை.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள், பத்து வினாடி என்றாலும். உரிமை இல்லாத பாட்டால் பிரசாரத்தின் நடுவில் வீடியோ முடங்கினால், அந்த நாட்களைத் திரும்பப் பெற முடியாது. எங்கள் வீடியோவில் இசையே இல்லை.

நேரக் கணக்கு: டெமோவும் கணக்கும் நான்கு நாள், மற்ற இரண்டு பகுதியும் மூன்று நாள், படப்பிடிப்புக்கு மூன்று ராத்திரி (ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள்), வெட்டி ஒட்ட நான்கு நாள். தளத்தின் பரிசோதனைக்கு ஒரு வாரம் தனியாக ஒதுக்குங்கள்.

## 8. வசன வரிகள்

பலரும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித் தனிக் கோப்பு செய்யுங்கள். படத்தின் மேலேயே எழுதிவிட்டால் பிறகு திருத்த முடியாது.

மலாய் மொழிபெயர்ப்பை அந்த மொழியில் சமைப்பவரிடம் காட்டுங்கள். எங்கள் முதல் கோப்பில் மாவு என்று வந்த இடத்தில் எல்லாம் ‘தெப்போங்’ என்று போட்டிருந்தோம். அது உலர்ந்த மாவு. பக்கத்து வீட்டு மக்சிக் பார்த்துவிட்டு, “உலர்ந்த மாவு எப்படிப் பொங்கும்?” என்று கேட்டார். கரைத்த மாவுக்கு ‘அடுனான்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நமக்கு இது உறைப்பதே இல்லை.

கோப்பின் அமைப்பு இப்படி இருக்க வேண்டும். வினாடிக்கும் மில்லிவினாடிக்கும் நடுவே வருவது காற்புள்ளி, முற்றுப்புள்ளி அல்ல:

```
1
00:00:05,000 --> 00:00:08,500
ராத்திரி பத்து மணிக்கு
அரைச்சு வெச்சேன்.

2
00:00:08,600 --> 00:00:12,000
காலையில பார்த்தா
பாதி மேடையில கெடக்கு.
```

ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சேமிக்கும்போது `UTF-8` என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து எல்லாம் கேள்விக்குறியாக வரும். ஏற்றிய பிறகு உங்கள் கணினியில் பார்த்துத் திருப்திப்படாமல், வேறொருவர் கைப்பேசியில், சத்தத்தை அணைத்து, ஒரு தடவை கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள்.